டிவியில் 7.6, எங்கள் வீட்டில் 3: நிலநடுக்கச் செய்தியில் ஏன் இரண்டு எண்கள்?

2024 ஜனவரி 1. ஜப்பானில் பொங்கலும் தீபாவளியும் ஒன்றாக வந்த மாதிரி நாடே அடங்கிக் கிடக்கும் நாள். டோக்கியோவில் எங்கள் வீட்டில் மதியச் சாப்பாடு தாமதமாகி, சாயங்காலம் 4 மணிக்குத்தான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். 4:10க்கு மேலே தொங்கும் விளக்கு மெதுவாக ஆட ஆரம்பித்தது. அலமாரியில் டம்ளர்கள் கலகலவென்றன. வழக்கத்தை விடக் கொஞ்சம் நீளமாக ஆடி நின்றது. டிவியைப் போட்டேன். வரைபடத்தில் டோக்கியோ 23 வார்டுகள் பகுதிக்கு ‘3’ என்று போட்டிருந்தார்கள். சரி, மூணு தானே என்று மிச்சப் பாத்திரத்தையும் கழுவினேன்.

அரை மணி நேரத்தில் கோவில்பட்டியிலிருந்து அம்மா கூப்பிட்டாள்.

“ஏய்யா, நல்லாருக்கியா? ஜப்பான்ல பூகம்பம்னு டிவியில போடுறான். ஏழு புள்ளி ஆறாம்ல!”

“இங்க ஒண்ணும் இல்லம்மா. எங்களுக்கு மூணுதான்.”

“எதுக்குய்யா பொய் சொல்லுத? ஏழு புள்ளி ஆறுன்னு எழுதியே காட்டுறான். நீ மூணுங்க. அம்மா பயந்துருவாங்கன்னு கொறச்சிச் சொல்லுதியா?”

நான் பொய் சொல்லவில்லை, டிவியும் பொய் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு அம்மாவை நம்ப வைக்க என்னால் முடியவில்லை. கடைசியில் வீடியோ காலில் வீட்டைச் சுற்றிக் காட்டிய பிறகுதான் விட்டாள். வெளிநாட்டில், அதுவும் நிலம் ஆடுகிற நாட்டில் இருக்கும் நம்மில் பலருக்கு இந்த போன்கால் பழக்கமானதுதான்.

இதற்கு நேர்மாறான ராத்திரி ஒன்றும் எனக்கு உண்டு. 2021 அக்டோபர் 7, இரவு 10:41. அப்போது டோக்கியோவின் வடகிழக்கில் அடாச்சி வார்டில் குடியிருந்தேன். அன்று ஆடிய ஆட்டத்தில் எழுந்து நிற்க முடியாமல் மேஜைக்கு அடியில் போய்விட்டேன். சமையலறையில் தட்டுகள் விழுந்து உடைந்தன. அதே பகுதியில் ஓடும் ஆளில்லாத சிறு ரயில் ஒன்று தண்டவாளத்தை விட்டே இறங்கிவிட்டது. ஆனால் ஊரிலிருந்து ஒருத்தரும் கூப்பிடவில்லை. மறுநாள் நானாகச் சொன்னபோது, “ஆமா, ஏதோ அஞ்சு புள்ளி ஒம்போதுன்னு போட்டான், அங்க அது சாதாரணம்தானே” என்றார் மாமா.

பெரிய எண் வந்த அன்று நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். சின்ன எண் வந்த அன்று மேஜைக்கு அடியில் இருந்தேன். ஊரில் இருப்பவர்கள் பார்த்தது மாக்னிடியூட் என்ற எண்ணை. நான் அனுபவித்தது ஷிண்டோ என்று ஜப்பானியர்கள் சொல்லும், தமிழில் தீவிரம் என்று சொல்லத்தக்க, வேறு ஒரு எண்ணை. ஜப்பானியச் செய்தியில் இரண்டும் வரும். நம் ஊர்ச் செய்தியில் பெரும்பாலும் முதலாவது மட்டும்தான் வரும்.

கோயில் கொடை ரேடியோ

எங்கள் ஊர்ப் பக்கம் கோயில் கொடைக்கு ரேடியோ செட் கட்டுவார்கள். ஆம்ப்ளிஃபயர் எத்தனை வாட் என்று அந்தப் பெட்டியிலேயே எழுதியிருக்கும். அந்த எண் ஒன்றே ஒன்றுதான். ஊரில் யார் கேட்டாலும் மாறாது. ஆனால் குழாய்க்கு நேர் எதிர்வீட்டில் காது கிழியும், நாலு தெரு தள்ளி பாட்டு மட்டும் கேட்கும், கண்மாய்க்கு அந்தப் பக்கம் ஏதோ முனகல் மாதிரி இருக்கும். குழாய் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, காற்று எப்படி அடிக்கிறது என்பதைப் பொறுத்து வீட்டுக்கு வீடு சத்தம் மாறும்.

பெட்டியில் எழுதியிருக்கும் வாட் தான் மாக்னிடியூட். உங்கள் வீட்டில் கேட்கும் சத்தம்தான் தீவிரம். ஒரு நிலநடுக்கத்துக்கு மாக்னிடியூட் ஒன்றுதான். தீவிரம் ஊருக்கு ஒன்று. ஆகவே “நிலநடுக்கத்தின் தீவிரம் என்ன?” என்ற கேள்வி பாதிக் கேள்விதான். “எந்த ஊரில்?” என்று சேர்த்துக் கேட்டால்தான் அது முழுசாகும்.

பூமிக்கு அடியில் நடந்த வேலை

மாக்னிடியூட் என்பது மண்ணுக்கு அடியில் நடந்த வேலையின் அளவு. பாறையில் ஒரு பிளவு இருக்கிறது. அதன் இரண்டு பக்கமும் பல ஆண்டுகளாக அழுத்தம் ஏறிக்கொண்டே வந்து, ஒரு கணத்தில் சறுக்குகிறது. சறுக்கிய பரப்பு எவ்வளவு, எத்தனை மீட்டர் சறுக்கியது, பாறை எவ்வளவு விறைப்பானது ஆகிய மூன்றையும் பெருக்கினால் கிடைக்கும் எண்ணிலிருந்துதான் இன்று பெரிய நிலநடுக்கங்களின் மாக்னிடியூட்டைக் கணக்கிடுகிறார்கள்.

நாம் இன்னும் ‘ரிக்டர் அளவு’ என்று எழுதுகிறோம். சார்லஸ் ரிக்டர் 1935இல் தெற்குக் கலிஃபோர்னியாவுக்காக, ஒரு குறிப்பிட்ட வகைக் கருவியை வைத்துப் போட்ட கணக்கு அது. உள்ளூர் நடுக்கங்களுக்கு நன்றாகவே வேலை செய்தது. ஆனால் மிகப் பெரிய நடுக்கங்களில் அந்த எண் ஒரு கட்டத்துக்கு மேல் ஏற மறுக்கும். அதனால் 1970களின் கடைசியில் கனமோரியும் ஹாங்க்ஸும் மேலே சொன்ன சறுக்கல் கணக்கை வைத்துப் புதிய அளவைக் கொண்டுவந்தார்கள். எண்கள் பழையதோடு ஒத்துப்போகிற மாதிரி அமைத்ததால் ரிக்டர் பெயர் நம் வாயில் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஜப்பான் வானிலை முகமை தனக்கென்று ஒரு மாக்னிடியூட் கணக்கு வைத்திருக்கிறது. புத்தாண்டு நடுக்கத்துக்கு ஜப்பான் 7.6 என்றும், அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையம் 7.5 என்றும் சொன்னது இதனால்தான். இரண்டில் ஒன்று தப்பு என்று வாட்ஸ்அப்பில் சண்டை போட வேண்டியதில்லை.

இந்த எண்ணில் சின்ன வித்தியாசம் என்பது சின்ன வித்தியாசமே இல்லை. ஒரு எண் கூடினால் வெளிவரும் ஆற்றல் சுமார் 32 மடங்கு, இரண்டு கூடினால் 1000 மடங்கு. என்னுடைய இரண்டு நாட்களையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒரு வரிக் கணக்குதான்.

```
10 ** (1.5 * (7.6 - 5.9))
354.8
```

அதாவது நான் பாத்திரம் கழுவிய அன்று வெளிவந்த ஆற்றல், மேஜைக்கு அடியில் போன அன்று வந்ததைப் போல ஏறத்தாழ 350 மடங்கு. மாமா சொன்னது ஆற்றல் கணக்கில் முழுக்கச் சரி. ஆனால் அந்த ஆற்றல் என் வீட்டுக்கு எவ்வளவு வந்து சேர்ந்தது என்பதை மாக்னிடியூட் சொல்லாது.

காலுக்கு அடியில் வந்து சேர்ந்தது

அதைச் சொல்வது ஷிண்டோ. இந்த அளவு 0இல் தொடங்கி 7இல் முடிகிறது. ஆனால் மொத்தம் பத்து படிகள். ஏனென்றால் 5ஐயும் 6ஐயும் இரண்டிரண்டாகப் பிரித்து, 5-கீழ், 5-மேல், 6-கீழ், 6-மேல் என்று வைத்திருக்கிறார்கள். 7க்கு மேல் படி கிடையாது.

3 என்றால் வீட்டுக்குள் இருக்கும் பெரும்பாலானவர்களுக்குத் தெரியும், பாத்திரம் கலகலக்கும். 4இல் கிட்டத்தட்ட எல்லாரும் திடுக்கிடுவார்கள், தொங்கும் விளக்கு வேகமாக ஆடும். 5-கீழ் வந்தால் எதையாவது பிடித்துக்கொள்ளத் தோன்றும், அலமாரியிலிருந்து தட்டோ புத்தகமோ விழலாம். 5-மேல் என்றால் பிடிக்காமல் நடப்பது சிரமம், கம்பி சரியாகக் கட்டாத சுற்றுச்சுவர் சாயலாம். 6-கீழில் நிற்பதே கடினம். 6-மேலிலும் 7இலும் தவழ்ந்துதான் நகர முடியும், வலுவில்லாத மரவீடுகள் சரியும்.

ஒரு காலத்தில் இதை மனிதர்கள்தான் சொன்னார்கள். வானிலை நிலையத்தில் இருப்பவர் தன் உடம்பில் உணர்ந்ததையும் சுற்றிலும் பார்த்ததையும் வைத்து எண் சொல்வார். 7 என்பதை மட்டும் ஆட்கள் போய் இடிந்த வீடுகளைப் பார்த்த பிறகுதான் அறிவிப்பார்கள். 1995 ஜனவரியில் கோபே நகரம் நொறுங்கியபோதும் 7 என்ற எண் சில நாட்கள் கழித்துத்தான் வந்தது. எங்கே உதவி முதலில் போக வேண்டும் என்று சொல்ல வேண்டிய எண், உதவி போன பிறகு வந்தால் என்ன பிரயோஜனம்? 1996இல் முறையை மாற்றி, கருவியே எண் சொல்லும்படி செய்தார்கள். 5ஐயும் 6ஐயும் பிரித்தது அப்போதுதான்.

இன்று நாடு முழுக்கச் சுமார் 4,400 இடங்களில் இருந்து வரும் எண்கள் செய்திக்குப் பயன்படுகின்றன. தரையில் பதித்த ஒரு கருவி வடக்கு-தெற்கு, கிழக்கு-மேற்கு, மேல்-கீழ் என மூன்று திசையிலும் முடுக்கத்தைப் பதியும். மனிதரையும் வீட்டையும் பாதிக்கும் வேக அளவில் ஆடும் அதிர்வுகளுக்குக் கூடுதல் எடை கொடுத்து, மூன்றையும் ஒன்றாகச் சேர்ப்பார்கள். பிறகு ஒரு கேள்வி: எந்த அளவு முடுக்கத்துக்கு மேல் ஆட்டம், மொத்தமாகக் கூட்டிப் பார்த்தால், 0.3 விநாடி நீடித்தது? அந்த முடுக்கத்திலிருந்துதான் ஷிண்டோ கிடைக்கிறது. கண் இமைக்கும் நேரத்தில் வந்து போகும் ஒற்றைக் குத்து எண்ணை ஏற்றிவிடக்கூடாது என்பதற்குத்தான் இந்த 0.3 விநாடி. எங்கள் வேலையில் சர்வர் சுமையை ஒரே ஒரு உச்சத்தை வைத்து முடிவு செய்யமாட்டோம், அது எவ்வளவு நேரம் நீடித்தது என்று பார்ப்போம். அதே புத்திதான்.

இந்த அளவிலும் படிகள் பெருக்கலில் ஏறுகின்றன. இரண்டு எண் கூடினால் முடுக்கம் 10 மடங்கு. புத்தாண்டில் டோக்கியோவுக்கு 3. அக்டோபர் ராத்திரியில் அடாச்சி வார்டுக்கு 5-மேல். ஆக, ஆற்றலில் 350 மடங்கு சின்ன நடுக்கம், என் வீட்டுத் தரையை ஏறத்தாழ 10 மடங்கு வேகமாக உலுக்கியிருக்கிறது.

ஏன் இப்படித் தலைகீழானது?

முதல் காரணம் தூரம். புத்தாண்டு நடுக்கம் நோட்டோ தீபகற்பத்தில், டோக்கியோவிலிருந்து ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தள்ளி. அக்டோபர் நடுக்கம் பக்கத்து மாவட்டமான சிபாவின் வடமேற்கில், 75 கிலோமீட்டர் ஆழத்தில்.

ஆழமும் தூரம்தான் என்பதை நாம் மறந்துவிடுவோம். 2015 மே 30இல் ஒகசவாரா தீவுகளுக்கு மேற்கே 8.1 மாக்னிடியூட்டில் ஒரு நடுக்கம். ஜப்பானின் 47 மாவட்டங்களிலும் உணரப்பட்டது. ஆனால் மையம் 682 கிலோமீட்டர் ஆழத்தில். எங்கும் அதிகபட்சம் 5-மேல் தான், வீடுகள் வரிசையாக இடியவில்லை. 2018 ஜூன் 18 காலை ஒசாகாவின் வடக்கில் வந்தது 6.1 தான். ஆற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆனால் ஆழம் 13 கிலோமீட்டர், மேலே நகரம். அதிகபட்சம் 6-கீழ். பள்ளிக்கூடச் சுற்றுச்சுவர் ஒன்று விழுந்து, பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த சிறுமி ஒருத்தி இறந்தாள். மாக்னிடியூட்டை மட்டும் படித்தவருக்கு இரண்டாவது செய்தி சாதாரணமாகப் பட்டிருக்கும்.

இரண்டாவது காரணம் மண். அடாச்சி வார்டு ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய மென்மையான மண் மேல் இருக்கிறது. பாறையில் வேகமாக வரும் அலை இப்படிப்பட்ட மண்ணுக்குள் நுழைந்ததும் வேகம் குறைந்து, அசைவு பெரிதாகும். தட்டில் வைத்த அல்வா மாதிரி: தட்டை லேசாகத் தட்டினாலும் மேலே இருப்பது குலுங்கும். அந்த ராத்திரி 5-மேல் பதிவானது வெகு சில இடங்களில்தான். மையத்துக்கு நேர் மேலே அல்ல, அடாச்சியிலும் அதை ஒட்டிய சைத்தாமா மாவட்டத்துக் கவாகுச்சி போன்ற இடங்களிலும். மேற்கே மேட்டு நிலத்தில் இருந்த என் சக ஊழியர் மறுநாள், “நீளமாக ஆடியது, அவ்வளவுதான்” என்றார். அடுத்த வருடம் வீடு மாற்றியபோது வாடகைக்கும் ரயில் நிலையத்துக்கும் அடுத்தபடியாக நான் பார்த்தது மண் வரைபடத்தைத்தான்.

நோட்டோவில் அந்த 7

எங்களுக்கு 3 என்று நான் நிம்மதியாக இருந்த அந்த நேரம், நோட்டோவில் ஷிகா என்ற ஊரில் 7. நடுக்கத்தின் மையம் என்று வரைபடத்தில் சிலுவைக்குறி போட்ட இடம் தீபகற்பத்தின் நுனியில் உள்ள சுசு. ஷிகா அங்கிருந்து பல பத்து கிலோமீட்டர் தென்மேற்கே இருக்கிறது. ஏன் அங்கே 7? மையம் என்பது பிளவு கிழியத் தொடங்கிய புள்ளி மட்டுமே. துணியைக் கிழிக்கும்போது முதலில் விரல் வைத்த இடம் மாதிரி. அன்றைக்குக் கிழிந்தது ஏறத்தாழ 150 கிலோமீட்டர் நீளம். அந்த நீளம் முழுவதும் ‘பக்கம்’தான். மாக்னிடியூட் பெரிதாக இருந்தால் செய்தியில் உள்ள புள்ளியை ஒரு கோடாக நீட்டிப் பார்க்க வேண்டும்.

இன்னொரு விஷயமும் அன்றைக்கு நடந்தது. வாஜிமா நகரத்தின் ஒரு பகுதியிலும் ஷிண்டோ 7 வந்திருந்தது. ஆனால் அந்தக் கருவியின் தகவல் அன்று வந்து சேரவில்லை. ஜனவரி 25ஆம் தேதிதான் வானிலை முகமை அந்த 7ஐச் சேர்த்தது. கடுமையாக ஆடிய ஊரில்தான் மின்சாரமும் தொடர்பும் முதலில் அறுகும். அதனால் வரைபடத்தில் எண் இல்லாத ஊரைப் பார்த்து ‘அங்கே ஒன்றுமில்லை’ என்று நினைப்பது ஆபத்து. 5-கீழோ அதற்கு மேலோ வந்திருக்க வேண்டும் என்று கருதப்படும் இடத்திலிருந்து தகவல் வராவிட்டால் அதையும் தனியாகவே அறிவிக்கிறார்கள். சொந்தக்காரர் அந்த ஊரில் இருந்தால், அந்தப் பட்டியலையும் பாருங்கள்.

ஷிண்டோவுக்கு வேறு எல்லைகளும் உண்டு. அது கருவி இருக்கும் தரையின் எண். நீங்கள் இருபதாவது மாடியில் இருந்தால் உங்கள் ஆட்டம் அதைவிட அதிகம். தூரத்துப் பெரிய நடுக்கத்தின் மெதுவான அலை, தரையில் 3 காட்டிவிட்டு, உயரமான கட்டடத்தை ஊஞ்சல் மாதிரி ஆட்டும். அதற்காகவே 1 முதல் 4 வரை தனியாக ஒரு அளவு வைத்திருக்கிறார்கள்.

எந்த எண் எதற்கு?

ஜப்பானில் டிவியைக் கவனித்தால் வரிசை தெரியும். ஆடி ஒன்றரை நிமிடத்தில், 3 அல்லது அதற்கு மேல் வந்த பகுதிகளின் ஷிண்டோ திரையில் வந்துவிடும். மையமும் மாக்னிடியூட்டும் அதற்குப் பிறகுதான். உடனே முடிவெடுக்க உதவுவது ஷிண்டோ என்பதால் இந்த வரிசை. வீட்டு காஸ் மீட்டர் 5 அளவு ஆட்டத்தில் தானே மூடிக்கொள்ளும். செல்போனில் அலறும் முன்னெச்சரிக்கையும், எங்காவது 5-கீழோ அதற்கு மேலோ வரும் என்று கணக்கு சொன்னால் வரும். மாக்னிடியூட் பெரிது என்பதற்காக மட்டும் காஸ் நிற்பதில்லை.

அப்படியானால் மாக்னிடியூட் எதற்கு? கடலுக்காக. நோட்டோவில் 4:10க்கு நிலம் ஆடியது. 4:12க்கே சுனாமி எச்சரிக்கை வந்துவிட்டது, 4:22க்கு அது பெருஞ்சுனாமி எச்சரிக்கையாக ஏறியது. கரையில் இருப்பவரின் காலுக்கடியில் எவ்வளவு ஆடியது என்பதை வைத்து அலையைக் கணிக்க முடியாது. கடலடியில் எவ்வளவு பரப்பு, எவ்வளவு தூரம் நகர்ந்தது என்பதுதான் கேள்வி. அதைச் சொல்வது மாக்னிடியூட்.

நம் ஊருக்கு இது புதிய பாடமில்லை. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை 6:28க்குச் சுமத்ரா அருகே தொடங்கிய கிழிசல் ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் நீண்டது. மாக்னிடியூட் 9.1. சென்னையில் சிலருக்குக் கட்டில் ஆடிய மாதிரி இருந்தது, அவ்வளவுதான். ஜப்பானியக் கணக்கில் பார்த்தால் யாரும் எழுந்து உட்காரக்கூட மாட்டார்கள். ஆனால் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் கழித்துக் கடல் வந்தது. நாகப்பட்டினத்தில், கடலூரில், வேளாங்கண்ணியில் என்ன நடந்தது என்று நமக்குத் தெரியும். தீவிரம் சொன்னது: “உங்கள் வீட்டுக்கு ஒன்றுமில்லை.” மாக்னிடியூட் சொல்ல வேண்டியது: “கரையை விட்டு விலகுங்கள்.” அந்த இரண்டாவது எண்ணைக் கரைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க அன்று இந்தியப் பெருங்கடலில் எந்த ஏற்பாடும் இல்லை. ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் 2007இல்தான் வந்தது.

முதலில் வரும் மாக்னிடியூட்டை அப்படியே நம்பவும் கூடாது. 2004இல் பசிபிக் எச்சரிக்கை மையத்தின் முதல் கணக்கு 8.0. 2011 மார்ச் 11இல் ஜப்பானின் முதல் கணக்கு 7.9. அதை வைத்து மியாகி மாவட்டத்துக்கு 6 மீட்டர், இவாத்தேக்கும் ஃபுகுஷிமாவுக்கும் 3 மீட்டர் அலை என்று அறிவித்தார்கள். 28 நிமிடம் கழித்துத்தான் மியாகிக்கு 10 மீட்டருக்கு மேல் என்று ஏற்றினார்கள். இறுதி மாக்னிடியூட் 9.0 என்று இரண்டு நாள் கழித்து வந்தது. 7.9க்கும் 9.0க்கும் ஆற்றலில் 45 மடங்கு வித்தியாசம். கிழிசல் முடியவே சில நிமிடங்கள் ஆகும் நடுக்கத்தை, மூன்று நிமிடத்தில் சட்டென்று எடை போட்டால் குறைவாகத்தான் காட்டும். 2013 முதல், கணக்கு சரியாகப் பிடிக்க முடியாத ராட்சத நடுக்கம் என்று தெரிந்தால், முதல் எச்சரிக்கையில் மீட்டர் எண்ணையே சொல்வதில்லை. ‘மிகப் பிரம்மாண்டமானது’ என்ற சொல்லை மட்டும் சொல்கிறார்கள். தவறான எண்ணை விடச் சரியான சொல் உயிரைக் காப்பாற்றும் என்று பட்டுத் தெரிந்துகொண்டது அது.

செய்தியில் எப்படிக் கண்டுபிடிப்பது?

தமிழ்ச் செய்திகளில் இந்த இரண்டு எண்களும் அடிக்கடி கலந்துவிடும். “ரிக்டர் அளவில் 7 பதிவு” என்று வரும், மூலச் செய்தியில் அது ஷிண்டோ 7 ஆக இருக்கும். நான் இரண்டு விஷயம் பார்ப்பேன். எண்ணில் புள்ளி இருந்தால், உதாரணமாக 7.6, 5.9 என்று இருந்தால், அது பெரும்பாலும் மாக்னிடியூட். எண்ணோடு ஊர்ப் பெயர் ஒட்டியிருந்தாலோ, ‘கீழ்’, ‘மேல்’, கூட்டல் குறி, கழித்தல் குறி இருந்தாலோ அது தீவிரம்.

அமெரிக்காவிலும் இன்னும் பல நாடுகளிலும் தீவிரத்தை I முதல் XII வரை ரோமன் எண்ணில் போடுவார்கள். மெர்காலி அளவு என்று பெயர். அந்த VIIஉம் ஜப்பானின் 7உம் ஒன்றல்ல. ஜப்பானின் 7 கடைசிப் படி. மெர்காலியில் VIIக்கு மேல் இன்னும் ஐந்து படிகள் இருக்கின்றன. கலிஃபோர்னியாவில் இருக்கும் தம்பியும் டோக்கியோவில் இருக்கும் அண்ணனும் “எங்களுக்கும் ஏழுதான்” என்று பேசிக்கொண்டால், இருவரும் பேசுவது வேறு வேறு ஆட்டத்தைப் பற்றி.

அம்மாவுக்கு இதையெல்லாம் ஒரே நாளில் சொல்லிப் புரிய வைக்கவில்லை. கொடை ரேடியோவைச் சொன்னேன், அது போதுமாக இருந்தது. போன மாதம் டிவியில் ஏதோ ஒரு எண் வந்திருக்கிறது. உடனே போன்.

“ஏய்யா, டிவியில என்னமோ ஆறு புள்ளி சொச்சம்ங்கான். அது கெடக்கட்டும். ஒங்க தெருவுல எத்தன?”

“ரெண்டும்மா.”

“சரி, வையி. சோறு வடிக்கணும்.”

அரை நிமிடத்தில் வைத்துவிட்டாள். பிறகு திரும்பவும் கூப்பிட்டு ஒன்று மட்டும் கேட்டாள். “கடல் பக்கம் ஏதும் சொல்லுதானா?”